மத்தியஸ்தத்தில் பாதி தீர்ந்த பிணக்கை எழுதுவது: இணக்கக் குறிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முழுதாகத் தீர்ந்த பிணக்கை எழுதுவது சிரமமில்லை. அறவே தீராததை எழுதுவதும் அப்படித்தான். பாதி தீர்ந்து பாதி நிற்கும் பிணக்கில்தான் எழுதுபவரின் கை தடுமாறுகிறது. திருகோணமலையில் மத்தியஸ்த சபைக்கு வரும் காசுப் பிணக்கு, பங்குப் பிணக்கு, எல்லைப் பிணக்கு பலவும் ஒரே அமர்வில் இப்படித்தான் வந்து நிற்கும். இரண்டு தரப்பும் ஐந்து விஷயங்களோடு வருவார்கள், மூன்றில் இணங்குவார்கள், இரண்டில் அசைய மாட்டார்கள். அந்த மூன்றும் காகிதத்தில் உறுதியாக நிற்க வேண்டும். அந்த இரண்டும் யாருக்கும் சாதகமாகச் சாயாமல் பதிவாக வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வேலையைப் பற்றியது.

இலங்கையில் மத்தியஸ்த சபைகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. பெரும்பாலும் வார இறுதியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் அமர்வு நடக்கும். சட்டத்தரணி ஒரு தரப்புக்காக அங்கே வந்து பேச முடியாது. மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்வதுமில்லை. ஆகவே அன்று எழுதப்படும் குறிப்பு இரண்டு தரப்பும் தாங்களே செய்துகொண்ட உடன்பாடு. அதை அவர்களுக்குப் பதிலாக யாரும் பிறகு விளக்கிச் சொல்லப் போவதில்லை. சபையில் வழங்கப்படும் படிவம் எதுவானாலும் அதன் நடுவிலுள்ள வெற்றிடத்தில் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி. சபைக்கு வெளியே, கடற்றொழிலாளர் சங்கத்திலோ கோயில் நிர்வாகத்திலோ பள்ளிவாசலிலோ பேசித் தீர்ப்பவர்களுக்கும் அதே கேள்விதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பிணக்கு

நிலாவெளிப் பக்கம் இரண்டு பேர் கூட்டாகத் தொழில் செய்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு போட் சொந்தம். மற்றவர் 25 குதிரைவலு எஞ்சினும் வலையும் போட்டார். பிடித்த மீனில் எரிபொருட் செலவும் கூலியும் போக மிச்சத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பிறகு மனம் முறிந்தது. எஞ்சின் போட்காரரின் வாடியிலேயே கிடக்கிறது.

எஞ்சின்காரர் மூன்று கேட்கிறார்: எஞ்சினைத் திருப்பித் தர வேண்டும், வராமல் போன பங்குக் காசு 240,000 ரூபா தர வேண்டும், கடலில் போன ஆறு வலைக்கு, ஒன்று 18,000 ரூபாப்படி 108,000 ரூபா தர வேண்டும். போட்காரர் சொல்வது: எஞ்சினைத் தருகிறேன், பங்குக் காசு 150,000தான் வரும், எஞ்சின் பழுதுபார்த்த 30,000 ரூபாவை அதில் கழிக்க வேண்டும், வலை நீரோட்டத்தில் போனது, அதற்கு நான் பொறுப்பில்லை.

இரண்டு மணிநேரம் பேசிய பிறகு எஞ்சின் திரும்புவதில் இணக்கம் வந்தது. பழுதுபார்த்த பில்லைப் பார்த்து 30,000 ரூபாவைக் கழிக்க எஞ்சின்காரர் உடன்பட்டார். 150,000க்கு மேல் உள்ள 90,000இலும், வலையிலும் இணக்கம் வரவில்லை.

முதலில் பிரியுங்கள், பிறகு எழுதுங்கள்

பேனையைத் தாளில் வைக்குமுன் ஒரு தனிக் காகிதத்தில் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பேசும்போது எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். “என்ர எஞ்சினையும் வச்சுக்கொண்டு காசும் தராமல் வலையையும் துலைச்சுப்போட்டு” என்று ஒரே மூச்சில் வருவதில் மூன்று பிணக்கு இருக்கிறது. சில வேளை ஒரே தொகைக்குள்ளேயே இரண்டு இருக்கும். 240,000 என்பது ஒரு தொகையாகக் கேட்கப்பட்டாலும் அதில் 150,000 சர்ச்சையில்லாதது, 90,000 சர்ச்சைக்குரியது. தொகையை இப்படி உடைக்காமல் “பங்குக் காசு பற்றி இணக்கம் ஏற்படவில்லை” என்று எழுதினால் இணங்கிய 150,000உம் சேர்ந்து தொங்கும்.

பிரித்தபின் ஒவ்வொன்றையும் இரண்டு தரப்பிடமும் திரும்பக் கேட்க வேண்டும். “ஐயா, எஞ்சினைத் தாறது, வலைப் பிரச்சினை முடிஞ்சால்தானா, இல்லை அது முடியாட்டியும் தாறீங்களா?” இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எழுதிய குறிப்புகள்தான் பின்னால் அதிகம் உடைகின்றன. ஒருவர் முழுப் பிணக்கும் முடியும் என்ற நம்பிக்கையில் ஒன்றுக்கு இணங்கியிருப்பார். மற்றவர் அது தனியாக நிற்கும் என்று நினைத்திருப்பார். இருவருமே நேர்மையாகத்தான் நினைத்திருப்பார்கள். பதில் “முடிஞ்சால்தான்” என்று வந்தால் அது இன்னும் இணக்கமில்லை. அதைத் தீராத பக்கத்தில்தான் எழுத வேண்டும்.

இந்தக் கட்டத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இணங்குபவருக்கு அந்தப் பொருளின் மேல் இணங்க உரிமை இருக்கிறதா? எஞ்சின் லீசிங்கில் எடுத்ததாக இருக்கலாம். போட் மனைவியின் பெயரில் பதிவாகியிருக்கலாம். வலை வாங்கக் கூட்டுறவுச் சங்கக் கடன் நிலுவையில் இருக்கலாம். குறிப்பு கையெழுத்து வைத்தவர்களைத்தான் கட்டும். அறையில் இல்லாத மனைவியையோ லீசிங் கம்பனியையோ அது கட்டாது. அப்படியொருவர் இருந்தால் அவரை அழைத்துக் கையெழுத்துப் பெற வேண்டும், அல்லது அந்த அம்சத்தை அடுத்த அமர்வுக்குத் தள்ள வேண்டும். “அவ ஒண்டும் சொல்லமாட்டா” என்பது சம்மதம் ஆகாது.

தலைப்பகுதி

இது விரைவாக முடியும். ஆனால் பெயரில் கவனம் வேண்டும். ஊரில் அழைக்கும் பெயர் ஒன்று, அடையாள அட்டையில் உள்ள பெயர் இன்னொன்று. முதலெழுத்துகள் தமிழில் ஒரு மாதிரியும் அட்டையில் வேறு மாதிரியும் இருக்கும். அட்டையைக் கையில் வாங்கி அதிலுள்ளபடி முழுப்பெயரை எழுதி, அதன்பின் அட்டை இலக்கம், முகவரி, கிராம உத்தியோகத்தர் பிரிவு ஆகியவற்றை எழுத வேண்டும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கமும் இருக்கும். ஒருவரிடம் இரண்டு அட்டையும் இருந்தால் எதைப் பார்த்து எழுதியது என்று குறியுங்கள்.

பிறகு அமர்வு நடந்த இடம், திகதி, சபையின் கோப்பு இலக்கம், மத்தியஸ்தர் மூவரின் பெயர், யார் தலைமை வகித்தார் என்பது. தரப்பினரை முதலாம் தரப்பு, இரண்டாம் தரப்பு என்று ஒருமுறை வரையறுத்துவிட்டு முடிவு வரை அதையே பயன்படுத்துங்கள். நடுவில் “மேற்படி நபர்” என்று மாற்றினால் எந்த மேற்படி என்று வாசிப்பவர் தேட வேண்டியிருக்கும்.

பிணக்கின் பின்னணிக்கு இரண்டு வாக்கியம் போதும். யார் என்ன சொன்னார், யார் அழுதார், யார் எழுந்து வெளியே போனார் என்பதெல்லாம் குறிப்பில் வரவே கூடாது. சபையின் முன் சொன்ன பேச்சை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது என்ற பாதுகாப்பை நம்பித்தான் மக்கள் அங்கே மனம் திறக்கிறார்கள். அதைக் குறிப்பிலேயே எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பை நாமே உடைத்தவர்களாவோம்.

இணங்கிய அம்சங்களை எழுதுவது

ஒவ்வொரு அம்சத்துக்கும் யார், யாருக்கு, எதை, எவ்வளவு, எந்தத் திகதிக்குள், எங்கே, எப்படி என்று ஏழு கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த இடத்திலிருந்துதான் அடுத்த சண்டை தொடங்கும். நம் எடுத்துக்காட்டில் எஞ்சினைப் பற்றிய அம்சத்தை இப்படி எழுதலாம்:

> 1. முதலாம் தரப்பு (போட் உரிமையாளர்), தனது நிலாவெளி வாடியில் தற்போது இருக்கும் 25 குதிரைவலு அவுட்போட் எஞ்சினை (எஞ்சின் இலக்கம் ........), அதன் எரிபொருள் தாங்கி, குழாய், காற்றாடி ஆகியவற்றுடன் 2025 ஓகஸ்ட் 9 சனிக்கிழமை காலை 10 மணிக்கு அதே வாடியில் வைத்து இரண்டாம் தரப்பிடம் ஒப்படைக்க உடன்படுகிறார். ஒப்படைக்கும்போது எஞ்சினைத் தண்ணீர் ட்ரம்மில் இறக்கி இயக்கிப் பார்க்கப்படும். அப்போதிருக்கும் நிலை ஒரு காகிதத்தில் எழுதப்பட்டு இருவரும் கையொப்பமிடுவர்.

எஞ்சின் இலக்கத்துக்குப் புள்ளியிட்டிருப்பது இங்கே எடுத்துக்காட்டுக்கு மட்டும். உண்மைக் குறிப்பில் வெற்றிடம் கூடாது. அமர்வில் இலக்கம் தெரியாவிட்டால் வாடியில் இருக்கும் யாரையாவது போனில் அழைத்து வாசித்துக் காட்டச் சொல்லலாம், அல்லது ஒரு படம் அனுப்பச் சொல்லலாம். அதுவும் முடியாவிட்டால் நிறம், தயாரிப்பு, வாங்கிய பில் இலக்கம் என்று அடையாளம் காட்டக்கூடியதை எழுதுங்கள். இயக்கிப் பார்க்கும் வாக்கியம் சிறியதுதான், ஆனாலும் அதை விடக்கூடாது. உப்புக்காற்றில் மாதக்கணக்கில் கிடந்த எஞ்சின் இயங்காவிட்டால் “நீ கெடுத்தாய்”, “நீ தரும்போதே அப்படித்தான்” என்று புதுப் பிணக்கு அங்கேயே பிறக்கும்.

காசு அம்சத்தில் கணக்கைக் காட்ட வேண்டும். முடிவுத் தொகையை மட்டும் எழுதினால் அந்த 120,000 எங்கிருந்து வந்தது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிராது. பழுதுபார்த்த காசு கழிக்கப்பட்டதா இல்லையா என்று மறுபடி கேள்வி எழும்.

> 2. பங்குக் காசில் சர்ச்சையற்ற தொகை 150,000 ரூபா (ஒரு இலட்சத்து ஐம்பதாயிரம்). இதிலிருந்து, முதலாம் தரப்பு எஞ்சின் பழுதுபார்க்கச் செலவிட்டதாகப் பில் காட்டிய 30,000 ரூபா (முப்பதாயிரம்) கழிக்கப்படுகிறது. மிகுதி 120,000 ரூபாவை (ஒரு இலட்சத்து இருபதாயிரம்) முதலாம் தரப்பு நான்கு தவணைகளில், ஒவ்வொன்றும் 30,000 ரூபாவாக, 2025 ஓகஸ்ட் 31, செப்தெம்பர் 30, ஒக்தோபர் 31, 2026 மார்ச் 31 ஆகிய திகதிகளில் அல்லது அதற்குமுன் இரண்டாம் தரப்பின் வங்கிக் கணக்கில் வைப்பிலிட உடன்படுகிறார்.

கடைசித் தவணை மார்ச்சுக்குப் போனதற்குக் காரணம் உண்டு. நவம்பர் தொடங்கி வாடைக்காற்றும் மழையும் கிழக்குக் கரையில் கடலைக் கொந்தளிக்க வைக்கும் காலம். அப்போது சிறு போட் தொழில் பல நாள் நின்றுவிடும். டிசம்பரில் ஒரு தவணை என்று எழுதினால் அது எழுதும்போதே உடையப்போகும் வாக்கு. அதே நேரம் “சீசன் தொடங்கினதும் தருவேன்” என்று எழுதுவதும் கூடாது. சீசன் எந்த நாளில் தொடங்கியது என்று பிறகு யார் சொல்வது? கடலின் நிலையை மனதில் வைத்துத் தவணையைப் பேசுங்கள், குறிப்பில் திகதியை மட்டும் எழுதுங்கள். வேளாண்மைக் காசானால் அறுவடையை வைத்துப் பேசிவிட்டு இதையே செய்யலாம்.

காசு கையில் கொடுப்பதாகவும் சிலர் கேட்பார்கள். வங்கிக்குப் போவது தூரம் என்றால் கையில் கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் பெற்றவர் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு வேண்டும் என்பதையும் அம்சத்தில் சேர்க்க வேண்டும்.

“உடன்படுகிறார்” என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். “150,000 ரூபா கடன்பட்டிருப்பதை ஏற்றுக்கொள்கிறார்” என்றோ, “தவறு செய்ததை ஒப்புக்கொள்கிறார்” என்றோ எழுத வேண்டாம். தருவதாகச் சொல்வது வேறு, குற்றத்தை ஏற்பது வேறு. மீதமுள்ள பிணக்கு பிறகு நீதிமன்றம் போகக்கூடும் என்ற நிலையில் ஏற்புரை போல எழுதியது தீராத பகுதியையும் ஒரு பக்கம் இழுத்துவிடும். கையெழுத்திடுபவரும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் பின்வாங்குவார். கைக்குள் வந்த இணக்கம் அதனாலேயே நழுவிப் போகலாம்.

தவறினால் என்ன என்பதை மூன்றாவது அம்சமாக எழுத வேண்டும். ஒரு தவணை குறித்த திகதியிலிருந்து 14 நாள் கடந்தும் செலுத்தப்படாவிட்டால் மிகுதி முழுவதும் உடனே செலுத்தப்பட வேண்டியதாகும் என்றும், இரண்டாம் தரப்பு அதைச் சபைக்கு எழுத்தில் அறிவிக்கலாம் என்றும் எழுதலாம். இதை மத்தியஸ்தர் திணிக்கக்கூடாது. தரப்பினரிடம் கேட்டு அவர்கள் ஏற்றால் மட்டுமே எழுத வேண்டும். வட்டி பற்றிப் பேசியிருந்தால் அதையும், பேசவில்லையென்றால் “வட்டி இல்லை” என்பதையும் எழுதிவிடுங்கள். மௌனமாக விட்டால் இருவரும் தங்களுக்குப் பிடித்த பொருளை அதில் வைத்துக்கொள்வார்கள்.

“இனிமேல் சண்டை சச்சரவின்றி ஒற்றுமையாக இருப்போம்” என்ற வாக்கியத்தைப் பல குறிப்புகளில் பார்க்கலாம். நல்ல மனதோடு எழுதுவதுதான். ஆனால் அதை மீறினாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஆசைக்குப் பின்னால் உள்ள நடத்தையைக் கேட்டு எழுதுங்கள்: எஞ்சின் ஒப்படைக்கும் நாளைத் தவிர இரண்டாம் தரப்பு முதலாம் தரப்பின் வாடிக்கு வருவதில்லை, பங்குக் காசு பற்றி ஒருவரின் வீட்டாரிடம் மற்றவர் பேசுவதில்லை. இப்படி எழுதினால் கண்ணால் பார்த்துச் சொல்லலாம்.

காகிதத்தால் செய்ய முடியாதவை

சில விஷயங்களில் இரண்டு தரப்பும் முழு மனதோடு இணங்கினாலும் குறிப்பு மட்டும் அதை நிறைவேற்றாது. போட்டின் உரிமையை மாற்றுவதானால் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தில் பதிவை மாற்ற வேண்டும். காணியில் இது இன்னும் கடுமையானது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாறும் உறுதி, நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையெழுத்தாக வேண்டும். “கிழக்குப் பக்கம் ஐந்து பேர்ச்சை அண்ணன் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்” என்று இணக்கக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வைத்தால் காணி தம்பிக்குப் போகாது. அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் பிரிக்கவும் கொடுக்கவும் முடியாது. திருகோணமலை மாவட்டத்தில் அனுமதிப்பத்திரக் காணிகள் ஏராளம் என்பதால் இதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

அப்படியான இடத்தில் குறிப்பு எழுத வேண்டியது கைமாற்றத்தை அல்ல, அதற்கான செயலை: இன்ன திகதிக்குள் இருவரும் நொத்தாரிசிடம் சென்று உறுதி எழுதுவர், நில அளவையாளர் கட்டணத்தை இருவரும் சரிபாதி ஏற்பர், உறுதிச் செலவை இவர் ஏற்பார் என்று. செலவை எழுதாமல் விட்டால் நொத்தாரிசின் வாசலில் எல்லாம் நின்றுவிடும்.

தீராததை எழுதுவது

இந்தப் பகுதிதான் பெரும்பாலும் ஒற்றை வரியில் முடிக்கப்படுகிறது: “ஏனையவை பின்னர் பேசப்படும்.” அந்த வரியால் யாருக்கும் பயனில்லை. எவை ஏனையவை? பின்னர் என்றால் எப்போது? பேசப்படாவிட்டால் என்ன?

அதைவிட ஆபத்தான தவறு அந்த வரிக்கு மேலே இருக்கும்: “இருவருக்கும் இடையிலான பிணக்குகள் அனைத்தும் இத்துடன் தீர்ந்தன” என்ற வழக்கமான முடிவுரை. படிவத்திலிருந்து பழக்கத்தில் கைக்கு வந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் அது எழுதப்பட்டால், வலைக்காக எஞ்சின்காரர் கேட்கும் 108,000உம் சர்ச்சையில் உள்ள 90,000உம் தீர்ந்ததாக அவரே கையெழுத்திட்டதாகிவிடும். பகுதி இணக்கத்தில் அந்த வாக்கியம் இருக்கவே கூடாது. அதன் இடத்தில் “1 முதல் 4 வரையான அம்சங்களில் சொல்லப்பட்டவை மட்டும் தீர்ந்தன” என்று எழுதுங்கள்.

தீராத ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் வேண்டும். பிணக்கு எது என்று தொகையோடு ஒரு வரி. இரு தரப்பின் நிலைப்பாடும் ஆளுக்கொரு வரி, ஒரே நீளத்தில், ஒரே மாதிரி வினைச்சொல்லில். அடுத்து என்ன நடக்கும் என்று ஒரு வரி.

> 5. பின்வருவனவற்றில் இன்று இணக்கம் ஏற்படவில்லை:
>
> (அ) பங்குக் காசில் 150,000 ரூபாவுக்கு மேற்பட்ட 90,000 ரூபா. இரண்டாம் தரப்பின் நிலைப்பாடு: இத்தொகை தனக்கு வரவேண்டும். முதலாம் தரப்பின் நிலைப்பாடு: இத்தொகை கொடுக்க வேண்டியதில்லை. 2025 செப்தெம்பர் 6 அமர்வுக்கு முதலாம் தரப்பு பங்குக் கொப்பியையும், இரண்டாம் தரப்பு தன்னிடமுள்ள மீன் விற்ற பில்களையும் கொண்டுவருவர்.
>
> (ஆ) ஆறு வலைகளுக்காகக் கோரப்படும் 108,000 ரூபா. இரண்டாம் தரப்பின் நிலைப்பாடு: வலைகளின் இழப்புக்கு முதலாம் தரப்பு பொறுப்பு. முதலாம் தரப்பின் நிலைப்பாடு: இழப்பு நீரோட்டத்தால் ஏற்பட்டது, தான் பொறுப்பல்ல. இது அதே அமர்வில் பேசப்படும்.
>
> 6. 1 முதல் 4 வரையான அம்சங்கள், 5ஆம் அம்சத்தில் உள்ளவை தீர்ந்தாலும் தீராவிட்டாலும் நிறைவேற்றப்படும். 5ஆம் அம்சத்தில் எந்தத் தரப்பும் தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

வினைச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. “இரண்டாம் தரப்பு சொல்கிறார்” என்று ஒருவருக்கும் “முதலாம் தரப்பு மறுக்கிறார்” என்று மற்றவருக்கும் எழுதினால் மறுப்பவர் மேல் ஒரு நிழல் விழும். “வாதிடுகிறார்”, “சாதிக்கிறார்” போன்றவையும் அப்படியே. இருவருக்கும் “நிலைப்பாடு” என்று எழுதினால் போதும். காரணங்களை நீட்ட வேண்டாம். நீட்டத் தொடங்கினால் ஒருவருக்கு மூன்று வரி, மற்றவருக்கு ஒரு வரி என்று ஆகிவிடும், வாய்ப்பேச்சும் உள்ளே புகுந்துவிடும்.

ஆறாம் அம்சம்தான் முழுக் குறிப்பையும் தாங்குகிறது. அது இல்லாவிட்டால் செப்தெம்பர் 6 அமர்வில் வலைப் பேச்சு முறிந்த அன்றே போட்காரர் தவணையை நிறுத்திவிடலாம், “அதுவும் இதோட சேர்ந்ததுதானே” என்று. அவர் அப்படி நினைப்பதில் நியாயமும் இருக்கும், ஏனென்றால் யாரும் அவருக்கு வேறு மாதிரிச் சொல்லவில்லை.

நாலாம் அம்சத்தைச் சொல்லவில்லை. அது மேலே சொன்ன நடத்தை பற்றியது: வாடிக்கு வராமை, வீட்டாரிடம் பேசாமை.

வாசித்துக் காட்டுதல்

எழுதியதை அமர்வு கலையுமுன் அங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் அழகாக எழுதி அடுத்த வாரம் கையெழுத்து வாங்கலாம் என்று விடக்கூடாது. இடையில் உறவினர் பேசுவார்கள், நினைவு மாறும், எழுதியவரின் நினைவும் மாறும்.

ஒவ்வொரு அம்சமாக நிறுத்தி வாசியுங்கள். வாசித்தபின் “விளங்கிச்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள். “நீங்கள் எப்ப, எவ்வளவு கட்டவேணும்?” என்று கேளுங்கள். பதில் சரியாக வந்தால்தான் விளங்கியிருக்கிறது.

திருகோணமலையில் ஒரு தரப்பு தமிழும் மறுதரப்பு சிங்களமும் பேசுவது சாதாரணம். குறிப்பு தமிழில் எழுதப்பட்டால் சிங்களம் பேசுபவருக்கு அம்சம் அம்சமாக மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னவரின் பெயரும் கையெழுத்தும், “மேற்கண்டவை சிங்களத்தில் எனக்கு விளக்கப்பட்டன” என்ற வாக்கியமும் குறிப்பில் வர வேண்டும். மொழிபெயர்ப்பவர் மறுதரப்பின் உறவினராக இருக்கக்கூடாது. முடிந்தால் இரு மொழியிலும் எழுதி, வேறுபாடு வந்தால் எது நிற்கும் என்றும் குறிக்கலாம்.

பெண் தரப்பினர் கணவரோடோ மூத்த சகோதரரோடோ வந்திருந்து, பேச்செல்லாம் அவர்களே பேசியிருந்தால், கையெழுத்துக்கு முன் அந்தப் பெண்ணிடம் மட்டும் தனியாக ஒருமுறை பேசுங்கள். “அக்கா, இது உங்கட விருப்பமா? வேண்டாமெண்டால் இப்ப சொல்லலாம்.” இதற்கு ஐந்து நிமிடம் போதும். அவர் வேண்டாம் என்றால் இணக்கம் இல்லை.

திருத்தமும் கையெழுத்தும்

வாசிக்கும்போது திருத்தம் வரும். பிழையான சொல்லின் மேல் ஒரே கோடு, அருகில் சரியான சொல், அதன் ஓரத்தில் இரு தரப்பின் சிறுகையெழுத்து. வெள்ளை மை பூசவோ கிறுக்கி மறைக்கவோ கூடாது. கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் இடையில் வெற்றிடம் இருந்தால் குறுக்கே கோடு போட்டுவிடுங்கள். இரண்டு பக்கம் என்றால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வேண்டும், “பக்கம் 1 / 2” என்றும் எழுதப்பட வேண்டும். கையெழுத்து இரண்டாம் பக்கத்தில் மட்டும் இருந்தால் முதல் பக்கத்தை யாரும் மாற்றிவிடலாம்.

கையெழுத்திடத் தெரியாதவருக்குப் பெருவிரல் அடையாளம் எடுக்கும்போது எந்தக் கை, எந்த விரல், யாருடையது என்று அடையாளத்தின் அருகே எழுதி, வாசித்துக் காட்டியவரின் கையெழுத்தையும் பெறுங்கள். மத்தியஸ்தர்கள் கையெழுத்திடுவது எதற்கு என்பதும் தெளிவாக இருக்கட்டும். அம்சங்கள் அவர்கள் முன்னிலையில் எழுதி வாசிக்கப்பட்டு, தரப்பினர் சுயவிருப்பில் கையெழுத்திட்டார்கள் என்பதற்குத்தான். 90,000 வருமா வராதா என்பதற்கு அவர்கள் சாட்சியல்லர்.

பிரதி ஆளுக்கு ஒன்று, சபைக் கோப்பில் ஒன்று. மூன்றும் ஒன்றுதானா என்று தொகையையும் திகதியையும் அங்கேயே ஒப்பிடுங்கள். போனில் படம் எடுப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதை ஊர் வட்சப் குழுவில் போடுவதில்லை என்று இருவரும் ஒப்பினால் நாலாம் அம்சத்தோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு

ஓகஸ்ட் 9 அன்று எஞ்சின் ஒப்படைத்தபின் எழுதிய நிலைக் காகிதத்தைச் சபைப் பிரதியோடு இணைக்க வேண்டும். செப்தெம்பர் 6 அமர்வில் 90,000 பற்றி இணக்கம் வந்தால் பழைய குறிப்பில் எதையும் வெட்டி எழுதாதீர்கள். “2025 ஓகஸ்ட் 2 திகதிய குறிப்பின் 5(அ) தொடர்பாக” என்று தொடங்கும் புதுக் குறிப்பு எழுதி, அதே ஒழுங்கில் வாசித்துக் கையெழுத்துப் பெறுங்கள். பழையதன் 1 முதல் 4 வரை அப்படியே தொடர்கின்றன என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

வலை பற்றி இணக்கம் வரவே இல்லையென்றால், இரண்டாம் தரப்பு அதை நீதிமன்றம் கொண்டுபோக இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைச் சபையிடம் கேட்பார். 5(ஆ) தனியாகத் தொகையோடு எழுதப்பட்டிருப்பதால் அந்தச் சான்றிதழ் எதைப் பற்றியது என்பதில் குழப்பம் வராது: ஆறு வலை, 108,000 ரூபா. எஞ்சினும் 120,000உம் அதில் வரத் தேவையில்லை. ஒரு தவணை தவறினால் வைப்புச் சீட்டுகளையும் குறிப்பின் பிரதியையும் எடுத்துக்கொண்டு சபைக்கு எழுத்தில் அறிவிக்கலாம். சபை இருவரையும் மறுபடி அழைக்கும்போது முதலில் கையில் எடுப்பது அந்தக் குறிப்பின் மூன்றாம் அம்சமாகத்தான் இருக்கும்.